முதலாளிமாரே, அந்தத் தவணை மெசேஜை மாற்றி எழுதுங்கள்

தளபாடக் கடைகளிலிருந்து நம் வீடுகளுக்கு வருகிற ஒரு மெசேஜைப் பற்றி எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். ஒரு கடையைக் குறிவைத்து எழுதவில்லை. பல கடைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கொப்பி பண்ணி அனுப்பும் வசனங்கள் இவை. நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

மெசேஜ் இதுதான்:

"இறுதி அறிவித்தல்!! தங்களால் பெற்றுக்கொள்ளப்பட்ட பொருட்களுக்கான தவணைப் பணம் நீண்ட நாட்களாகச் செலுத்தப்படாமல் உள்ளதை இத்தால் அறியத்தருகின்றோம். உடனடியாகச் செலுத்தத் தவறும் பட்சத்தில் பொருட்கள் மீளப்பெறப்படுவதுடன் சட்ட நடவடிக்கையும் மேற்கொள்ளப்படும். கடனோடு மௌத்தாகுபவரின் நிலையைச் சற்று சிந்தித்துப் பாருங்கள்."

இது போனது ஒரு ராத்தாவுக்கு. அவவின் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். கட்டில் ஒன்றும் அல்மாரி ஒன்றும் தவணைக்கு எடுத்திருந்தா. கைக்காசுக்கு எடுத்தால் 125,000 ரூபா, தவணைக்கு எடுத்தால் 145,000 ரூபா. முற்பணம் 25,000 கொடுத்தாயிற்று. மீதி 120,000 ரூபாவை மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி தவணை நாள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலு தவணையும் கட்டியாயிற்று. மே 5ஆம் திகதித் தவணை கட்டப்படவில்லை. மெசேஜ் வந்தது மே 8ஆம் திகதி.

அதாவது மூன்று நாள். மூன்று நாளைத்தான் "நீண்ட நாட்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு அறிவித்தலும் போகவில்லை. முதல் அறிவித்தலுக்கே "இறுதி" என்று பெயர்.

இதில் எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நாங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவர்கள். அந்த மெசேஜை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியது தரம் 8இல் எங்களிடம் படிக்கிற பிள்ளை. நம் வீடுகளில் போன் பெரும்பாலும் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது. டியூஷன் நோட்ஸ் வருவதும் அதில்தான், கடைக்காரரின் மெசேஜ் வருவதும் அதில்தான். "சட்ட நடவடிக்கை என்றால் பொலிஸ் வருமா சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. கடைக்காரர் இந்த வசனங்களை எழுதும்போது யார் வாசிப்பார் என்று நினைத்திருப்பார்? பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளை என்று நினைத்திருக்க மாட்டார்.

இனி அந்த மெசேஜை ஒரு கட்டுரையைத் திருத்துவது போலத் திருத்திப் பார்ப்போம்.

தவணை கேட்கும் மெசேஜ் ஒன்றைப் பெறுகிறவருக்குத் தெரிய வேண்டியது என்ன? எந்தப் பொருள், எத்தனையாவது தவணை, எவ்வளவு, எந்தத் திகதிக்குரியது, இனி எந்தத் திகதிக்குள், எங்கே கட்டுவது. இந்த ஆறில் ஒன்றுகூட மேலே உள்ள மெசேஜில் இல்லை. பெயரும் இல்லை. தொகையும் இல்லை. 10,000 ரூபா கேட்கிறார்களா, மிச்சமிருக்கும் 80,000 ரூபாவையும் ஒரேயடியாகக் கேட்கிறார்களா என்று அந்த ராத்தாவுக்கு விளங்கவில்லை. மொத்தத்தையும் கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான் அவ இரண்டு நாள் கடைப் பக்கம் போகாமலே இருந்தா. 10,000 என்று தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டிலாவது கைமாற்றாக வாங்கிக் கட்டியிருப்பேன் என்று பிறகு சொன்னா. மெசேஜ் பணத்தைக் கொண்டுவரவில்லை. ஆளையும் வரவிடாமல் செய்தது.

அடுத்தது வினைச்சொற்கள். "மீளப்பெறப்படும்", "மேற்கொள்ளப்படும்", "செலுத்தப்படாமல் உள்ளது". யார் மீளப்பெறுவார்? யார் நடவடிக்கை எடுப்பார்? எப்போது? செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்கிறவர் மறைந்துவிடுவார். கந்தோர்க் கடிதங்களில் இந்த நடை இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே கையெழுத்திடுகிறவர் மாறினாலும் திணைக்களம் மாறாது. ஆனால் ஊரில் கடை வைத்திருக்கும் முதலாளி திணைக்களம் இல்லை. ஜும்ஆவில் பக்கத்து வரிசையில் நிற்பவர். வாங்கியவரின் பெயரும் வாப்பாவின் பெயரும் அவருக்குத் தெரியும். அவர் "இத்தால் அறியத்தருகின்றோம்" என்று எழுதும்போது முகத்தை மறைத்துக்கொண்டு பேசுகிறார்.

மூன்றாவது, மிரட்டல். "பொருளை எடுப்போம்" என்று எழுதும் முதலாளி தன் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வாடகைக் கொள்வனவு என்றால் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடைக்குச் சொந்தம். அதற்கென்று 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதற்குரிய முறையும் இருக்கிறது. ஆனால் ஊர்க் கடைகள் பலவற்றில் நடப்பது ஒரு கார்டில் பெயரையும் தொகையையும் எழுதிக் கொடுத்துக் கடனுக்கு விற்பது. அப்படி விற்ற கட்டில் வாங்கியவருடையது. கடைக்கு வர வேண்டியது பணம். ஒருவரின் வீட்டுக்குள் போய்க் கட்டிலைத் தூக்கிவர அந்தக் கார்ட் அனுமதி தராது. செய்ய முடியாததையும் செய்யப்போவதில்லாததையும் எழுதினால் என்ன நடக்கும்? முதல் மாதம் பயப்படுவார்கள். மூன்றாவது மாதம், "இவர் இப்படித்தான் எழுதுவார்" என்று போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

நாலாவதுதான் எங்களை எழுத வைத்தது. கடனோடு மௌத்தாகிறவரின் நிலையை நினைவூட்டும் அந்தக் கடைசி வசனம்.

கடன் பாரதூரமானது என்பதில் எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. கடனாளியான ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் மற்றவர்களைத் தொழச் சொன்ன சம்பவம் புகாரியில் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பவம் அதோடு முடியவில்லை. அபூ கதாதா (ரழி) எழுந்து, அந்தக் கடனுக்குத் தான் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகு நபியவர்கள் தொழுவித்தார்கள். முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து, மூன்று நாள் பிந்திய ஒரு பெண்ணுக்கு அனுப்புவது மார்க்கத்தை நினைவூட்டுவது ஆகாது. அது மார்க்கத்தைக் கொண்டு வசூல் பண்ணுவது. சூரா அல்பகராவின் 280ஆம் வசனம் கடன் கொடுத்தவரோடு பேசுகிறது. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. அந்த வசனத்தைத் தன் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டிவைத்த முதலாளியை நாங்கள் இன்னும் காணவில்லை.

இதுவரை வாசித்துவிட்டு, "அப்படியென்றால் கேட்காமலே இருப்பதுதான் நல்லது" என்று சிலர் நினைப்பீர்கள். அங்கேதான் இரண்டாவது பிழை இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில முதலாளிமார் நல்ல மனதுக்காரர்கள். அவர்கள் இப்படி அனுப்புவார்கள்: "அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா இருக்கிறீங்களா? வசதி இருந்தா அந்த விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க. இன்ஷா அல்லாஹ்."

எந்த விஷயம்? எவ்வளவு? எப்போது? "வசதி இருந்தால்" என்று எழுதினால், வசதி இல்லாவிட்டால் கட்டத் தேவையில்லை என்றும் விளங்கும். வாங்கியவர் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறார், அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவரும் "இன்ஷா அல்லாஹ்" என்று பதில் போடுகிறார். இரண்டு மாதம் இப்படிப் போகிறது. முதலாளிக்கு மொறட்டுவையிலிருந்து பலகைச் சாமான் அனுப்பியவர் காசு கேட்கிறார், வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மனதுக்குள் கோபம் ஏறுகிறது. தேத்தண்ணிக் கடையில் நாலு பேரிடம் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிப் புலம்புகிறார். மூன்றாவது மாதம் அதே நல்ல மனிதர்தான் "இறுதி அறிவித்தல்!!" அனுப்புகிறார். வாங்கியவருக்கோ நேற்றுவரை சுகம் விசாரித்தவர் இன்று ஏன் இப்படி என்று விளங்குவதில்லை.

விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைத் திருப்பிக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டிய ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. கவனியுங்கள், அதில் கேட்பது தடுக்கப்படவில்லை. கேட்பார் என்று வைத்துத்தான், கேட்கும் விதம் பேசப்படுகிறது. அல்பகராவின் 282ஆம் வசனமும் தவணைக் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். எழுதுவதும் தெளிவாகச் சொல்வதும் அன்புக்கு எதிரானவை இல்லை.

அந்த முதலாளியிடம் போய்க் கதைத்தோம். கோபப்படவில்லை. "அப்ப நீங்களே எழுதித் தாங்க சேர், பார்ப்பம்" என்றார். முதலில் அந்த ராத்தாவின் கார்டைப் பார்த்தோம். நாலு தவணையும் கட்டிய திகதிகள் அதில் இருந்தன: ஜனவரி 11, பெப்ரவரி 12, மார்ச் 10, ஏப்ரல் 12. கத்தாரிலிருந்து காசு வந்து சேருவது ஒவ்வொரு மாதமும் 9, 10ஆம் திகதி வாக்கில். தவணை நாளோ 5ஆம் திகதி. பன்னிரண்டு மாதமும் அவ பிந்தத்தான் போகிறா. ஆளில் பிழை இல்லை, திகதியில்தான் பிழை. பிந்துகிறவருக்கு மெசேஜ் எழுத முன்னம், ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரிப் பிந்துகிறாரா என்று கார்டைப் பாருங்கள். அப்படியென்றால் தவணை நாளை மாற்றினாலே பாதி மெசேஜ்கள் தேவைப்படாது.

பிறகு இதை எழுதிக் கொடுத்தோம்:

"அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. தளபாடக் கடையிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்த கட்டில், அல்மாரிக்கான 5ஆவது தவணை 10,000 ரூபா, மே 5ஆம் திகதிக்குரியது. இன்று மே 9 வரை எங்கள் கணக்கில் அது வரவில்லை. முதல் நாலு தவணையும் கட்டியிருக்கிறீர்கள்.

இதையும் கட்டிவிட்டீர்கள் என்றால் ரிசீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பதிவைத் திருத்துகிறேன்.

இன்னும் கட்டவில்லை என்றால் மே 15 வியாழக்கிழமைக்கு முன் கடையிலோ வங்கியிலோ கட்டுங்கள். வங்கியில் போட்டால் ஸ்லிப்பில் உங்கள் கார்ட் இலக்கத்தை எழுதுங்கள்.

இந்த மாதம் முழுத் தொகையும் கஷ்டம் என்றால் 15ஆம் திகதிக்கு முன் எனக்கு கோல் எடுத்து, எவ்வளவு, எப்போது முடியும் என்று சொல்லுங்கள். பிரித்துக் கட்டலாம். பிந்தியதற்காக மேலதிகக் காசு எடுக்க மாட்டேன்.

தவணை நாளை 12ஆம் திகதிக்கு மாற்றினால் லேசு என்றாலும் சொல்லுங்கள்."

கடைசியில் முதலாளியின் பெயர், போன் இலக்கம். அவ்வளவுதான்.

சில இடங்களை ஏன் அப்படி எழுதினோம் என்று சொல்கிறோம். "எங்கள் கணக்கில் வரவில்லை" என்று எழுதியதற்கும் "நீங்கள் கட்டவில்லை" என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது. மகனிடம் காசைக் கொடுத்தனுப்பி, கடைப் பையன் கொப்பியில் பதிய மறந்த சம்பவங்கள் எத்தனை? கடைக்குத் தெரிந்தது தன் கொப்பியில் இருப்பது மட்டும்தான், ஆகவே அதை மட்டும் எழுத வேண்டும். "முதல் நாலு தவணையும் கட்டியிருக்கிறீர்கள்" என்பது புகழ்ச்சி இல்லை, கணக்கு. இரண்டு பக்கக் கணக்கும் பொருந்துகிறதா என்று அவவும் சரிபார்த்துக்கொள்ளலாம். திகதியோடு கிழமையைப் போட்டதற்கும் காரணம் உண்டு. பலர் திகதியை நினைவில் வைப்பதில்லை, வியாழக்கிழமையை வைத்துக்கொள்வார்கள்.

முக்கியமானது, முடியாதவருக்கு ஒரு வழி திறந்திருப்பது. "கஷ்டம் என்றால் சொல்லுங்கள்" என்று மட்டும் விட்டால் அதுவும் பழைய "வசதி இருந்தால்" ஆகிவிடும். ஆகவே மூன்று விடயத்தைக் கேட்டிருக்கிறோம்: 15ஆம் திகதிக்கு முன், எவ்வளவு, எப்போது. அவகாசம் கொடுப்பதும் திகதியோடுதான் இருக்க வேண்டும். கோலில் பேசி 5,000 மே 12, மற்ற 5,000 மே 26 என்று முடிவானால், அதையும் உடனே இரண்டு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். வாயால் பேசியது இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகத்தான் ஞாபகம் இருக்கும்.

பிந்தியதற்கு மேலதிகக் காசு வேண்டாம் என்ற வரியில் முதலாளி கொஞ்சம் தயங்கினார். "எனக்கு நட்டம்தானே" என்றார். நாங்கள் கணக்கைக் காட்டினோம். கைக்காசு விலைக்கும் தவணை விலைக்கும் 20,000 ரூபா வித்தியாசம். காத்திருப்பதற்கான விலையை விற்கும்போதே வாங்கியாயிற்று. 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, தவணைக்கு விலையைக் கூட்டி விற்பதை அனுமதித்தது. விலை முடிவான பிறகு, பிந்தினால் மேலும் கூட்டி வாங்குவதை வட்டி என்று தடுத்தது. இரண்டும் ஒரே தீர்மானத்தில்தான் இருக்கின்றன. முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விடுவது நியாயமா?

"இப்படி அன்பாக எழுதினால் தலையில் ஏறி இருப்பார்கள்" என்று சொல்வோருக்கும் பதில் இருக்கிறது. இருந்தும் கட்டாதவர்கள் ஊரில் உண்டு. புதுப் போன் வாங்குவார்கள், தவணை கட்ட மாட்டார்கள். வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் ஹதீஸ்தான். ஆனால் முடியாதவர் யார், மனமில்லாதவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? மேலே உள்ள மெசேஜ் அதைப் பிரித்துக் காட்டும். முடியாதவருக்குக் கோல் எடுக்க வழி இருக்கிறது, பெரும்பாலும் எடுப்பார். 15ஆம் திகதி போயும் காசும் இல்லை, கோலும் இல்லை என்றால் 16ஆம் திகதி முதலாளியே கோல் எடுக்க வேண்டும். சுகவீனமோ மௌத்தோ ஏதும் இருக்கலாம். பதிலே இல்லை என்றால் இரண்டாவது மெசேஜ் போகலாம். அதில் இப்படி இருக்கட்டும்: "மே 9ஆம் திகதி எழுதினேன், 16ஆம் திகதி கோல் எடுத்தேன், பதில் இல்லை. ஜூன் 5ஆம் திகதித் தவணையோடு சேர்த்து 20,000 ரூபா ஆகிறது. மே 30ஆம் திகதிக்குள் பேசாவிட்டால் பிணை நின்றவரிடம் பேசுவேன்." கார்டில் பிணையாளி கையெழுத்து வைத்திருந்தால் மட்டும் அந்தக் கடைசி வசனம். எழுதினால் 31ஆம் திகதி அதைச் செய்யவும் வேண்டும். இது கடுமையான மெசேஜ்தான். ஆனால் இதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு வசவும் இல்லை. நாளை இணக்கசபைக்குப் போனாலும் இரண்டு மெசேஜையும் தைரியமாக எடுத்துக் காட்டலாம். "இறுதி அறிவித்தல்!!" என்று தொடங்கியதை அங்கே காட்ட முடியுமா?

ஒன்று மட்டும் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுமத்தில் பெயர் போடுவது, ஸ்டேட்டஸில் கார்டைப் படம் எடுத்துப் போடுவது, பிள்ளையிடம் "உம்மாட்ட சொல்லு" என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியனுப்புவது. கடன் இரண்டு பேருக்கு இடையில் உள்ளது, பிணையாளி இருந்தால் மூன்று பேர். அதற்கு வெளியே கொண்டுபோனால் 10,000 ரூபா வந்தாலும் வரலாம், அந்தக் குடும்பம் அந்தக் கடைக்குத் திரும்ப வராது.

அந்த ராத்தா மே 12ஆம் திகதி கட்டிவிட்டா. தவணை நாளும் 12 ஆகிவிட்டது. எல்லோரும் இப்படிக் கட்டுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எவ்வளவு தெளிவாக எழுதினாலும் கையில் காசு இல்லாதவரிடம் காசு வராது. ஆனால் காசு இருந்தும் பயத்தில் ஒளிந்தவர், தொகை தெரியாமல் தள்ளிப்போட்டவர், திகதி பொருந்தாதவர், இந்த மூன்று பேரையும் ஒரு மெசேஜால் கடைக்குக் கொண்டுவரலாம்.

மேலே உள்ள மெசேஜை எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ளலாம், எங்களிடம் கேட்கத் தேவையில்லை. பொருள், தொகை, திகதி, கிழமை, உங்கள் பெயர் மட்டும் மாற்றுங்கள். உங்கள் ஊரில் தளபாடக் கடை வைத்திருப்பவர் யாரையும் தெரிந்தால் இதை அவருக்கு அனுப்பிவையுங்கள். தவணைக்கு எடுத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்படி ஒரு மெசேஜ் வந்தால் "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் பதில் போடாதீர்கள். எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு இன்ஷா அல்லாஹ் போடுங்கள்.